அயோவை வட்டமாகச் சுற்ற விடாத யூரோப்பா

கேள்வி: வியாழனைச் சுற்றும் அயோவில்தான் சூரியக் குடும்பத்திலேயே எரிமலைச் சீற்றம் அதிகம் என்கிறார்கள். அது நம் நிலா அளவுதானே? நிலா ஆறிக் கிடக்கும்போது அது மட்டும் ஏன் கொதிக்கிறது?

பதில்:

வியாழன் பெரியது, அதனால் அயோவைப் பிசைந்து சூடாக்குகிறது என்று பல இடங்களில் எழுதியிருப்பார்கள். அது பாதி விடைதான். மீதிப் பாதி வியாழனின் இன்னொரு நிலவான யூரோப்பாவிடம் இருக்கிறது.

நிலாவோடு ஒப்பிட்டது நல்ல யோசனை. அயோவின் விட்டம் சுமார் 3,640 கி.மீ., நிலாவுக்கு 3,475. பூமியிலிருந்து நிலா இருக்கும் தூரம் 384,000 கி.மீ., வியாழனிலிருந்து அயோ 422,000. பாறைக்குள் இருக்கும் கதிரியக்கச் சூடு மட்டும் என்றால் இந்த அளவு உருண்டை எப்போதோ அடங்கியிருக்க வேண்டும். ஆனால் அயோவில் சுமார் 400 எரிமலைகள் வேலை செய்கின்றன. பூமி முழுவதும் உள்ளிருந்து வெளியே விடும் சூட்டைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கை அந்தச் சின்ன உருண்டை விடுகிறது.

வியாழனின் நிறை பூமியைப் போல 318 மடங்கு. தூரத்தையும் சேர்த்துக் கணக்குப் போட்டால், நிலாவைப் பூமி இழுத்து நீட்டுவதைப் போல சுமார் 240 மடங்கு பலமாக அயோவை வியாழன் நீட்டுகிறது. கடலை ஏறி இறங்க வைக்கும் அதே ஓத விசைதான். ஆனால் வெறுமனே நீட்டிப் பிடித்துக்கொண்டிருந்தால் சூடு வராது. அயோ எப்போதும் ஒரே முகத்தைத்தான் வியாழனுக்குக் காட்டுகிறது. பாதை சரியான வட்டமாக இருந்தால் அந்தப் புடைப்பு உருவானபடியே, வைத்த இடத்திலேயே நின்றுவிடும். பாறை அசையாது, உராய்வும் இல்லை.

நான் இருக்கும் சுங்கை சிப்புட் பக்கம் செம்பனைக் குலை ஏற்றிய லோரிகளை நாள் முழுக்கப் பார்க்கலாம். காற்று குறைந்த டயரோடு லோரி நின்றுகொண்டிருந்தால் டயர் நசுங்கியிருக்கும், அவ்வளவுதான். அதே டயரோடு எஸ்டேட் மண்பாதையைத் தாண்டி மெயின் ரோட்டில் கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு வந்து பக்கச்சுவரைத் தொட்டுப் பாருங்கள், கை வைக்க முடியாது. ஒவ்வொரு சுற்றிலும் ரப்பர் மடங்கி நிமிர்கிறது, ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் சக்தி சூடாக உள்ளேயே தங்கிவிடுகிறது. அயோவின் பாறையிலும் இதுதான் நடக்கிறது.

மடங்கி நிமிர வைப்பது எது? பாதை லேசான நீள்வட்டமாக இருப்பதுதான். வியாழனுக்கு மிக அருகில் வரும்போதும் மிகத் தள்ளிப் போகும்போதும் உள்ள தூர வித்தியாசம் சுமார் 3,500 கி.மீ. மொத்தத் தூரத்தில் இது 1 சதவீதம்கூட இல்லை. ஆனாலும் 42 மணி நேரத்துக்கு ஒரு முறை, ஓயாமல், அயோ நீண்டு சுருங்கிக்கொண்டே இருக்கிறது.

இங்கே ஒரு வேடிக்கை உண்டு. நம் நிலாவின் பாதை அயோவினுடையதைவிட சுமார் 13 மடங்கு அதிகமாக நீண்டது. அப்படியானால் நிலாதானே கொதிக்க வேண்டும்? கணக்கைப் பார்ப்போம். இந்தச் சூடு பாதை நீண்டிருக்கும் அளவின் இருமடிக்கு ஏற்பக் கூடும். சுற்றும் வேகத்துக்கோ ஐந்தாம் அடுக்காகக் கூடும். நிலா ஒரு சுற்றுக்கு 27 நாள் எடுக்கிறது, அயோவுக்கு 1.77 நாள் போதும். அதாவது 15 மடங்குக்கு மேல் வேகம். ஐந்தாம் அடுக்கு போட்டால் எட்டரை லட்சத்தைத் தாண்டும். வியாழனின் பலமெல்லாம் இந்த வேகத்துக்குள்ளேயே அடங்கியிருக்கிறது; நிறை அதிகம் என்பதால்தான் இவ்வளவு வேகமாகச் சுற்ற வேண்டியிருக்கிறது. நிலாவுக்குச் சாதகமான 13-இன் இருமடியால் வகுத்தாலும் அயோ சில ஆயிரம் மடங்கு முன்னால் நிற்கும். உள்ளே பாறை எவ்வளவு இளகியிருக்கிறது என்பதைப் பொறுத்து இந்த எண் இன்னும் மாறும்.

சரி, இப்போது முக்கியமான சிக்கலுக்கு வருவோம். இப்படிச் சூடாவதே பாதையை மெல்ல வட்டமாக்கிவிடும். அயோ தனியாக இருந்திருந்தால் அந்த நீட்சி எப்போதோ தேய்ந்து, எரிமலைகளும் அணைந்திருக்கும். அதை நடக்க விடாமல் தடுப்பது யூரோப்பா. யூரோப்பா ஒரு முறை சுற்றி வருவதற்குள் அயோ ஏறக்குறைய இரண்டு முறை சுற்றிவிடும். அதனால் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் வருவது எப்போதும் அயோவின் பாதையில் ஒரே கட்டத்தில்தான்: அது வியாழனுக்கு மிக அருகில் இருக்கும்போது. வந்த இடத்திலேயே திரும்பத் திரும்ப இழுத்தால் விளைவு ஒன்றையொன்று ரத்து செய்யாமல் சேர்ந்துகொண்டே போகும். யூரோப்பாவை இதே மாதிரி அதற்கு அடுத்த நிலவான கானிமீட் பிடித்துவைத்திருக்கிறது. இந்தக் கட்டுப்பாட்டால் மூன்றும் வியாழனுக்கு ஒரே பக்கத்தில், ஒரே கோட்டில் நிற்பதே இல்லை. சின்னத் தொலைநோக்கி இருந்தால் வியாழனை ஒட்டிய புள்ளிகளைக் குறித்துக்கொண்டு வாருங்கள். மிக நெருக்கமாக ஒட்டியிருந்து, இரண்டு மூன்று மணி நேரத்திலேயே இடம் மாறியது தெரிந்தால் பெரும்பாலும் அதுதான் அயோ.

இந்தச் சக்திக்கெல்லாம் கடைசியில் செலவாவது வியாழனின் சுழற்சி. அது பத்து மணி நேரத்துக்குள் ஒரு முறை தன்னைத்தானே சுற்றுகிறது. அயோ அதன் மேல் எழுப்பும் புடைப்பை வியாழன் கொஞ்சம் முன்னால் தள்ளிக்கொண்டு போக, அந்தப் புடைப்பு அயோவை முன்னோக்கி இழுக்கிறது. வியாழன் இழக்கும் சுழற்சி அளவிடக்கூட முடியாத அளவு சின்னது, அதனால் கையிருப்பு தீரும் கவலை இல்லை.

பீல், கேசன், ரெனால்ட்ஸ் என்ற மூவர் இந்தக் கணக்கைப் போட்டு, அயோவின் உள்ளே பெரும்பகுதி உருகியிருக்கலாம் என்று 1979 மார்ச் 2 அன்று வெளியிட்டார்கள். மூன்று நாள் கழித்து வாயேஜர் 1 அயோவைக் கடந்தது. மார்ச் 9 அன்று லிண்டா மொராபிட்டோ என்ற பொறியாளர் விண்கலத்தின் இருப்பிடத்தைச் சரிபார்க்க ஒரு மங்கலான நட்சத்திரத்தைத் தேடினார். அதற்காகப் படத்தின் பிரகாசத்தைக் கூட்டியபோது அயோவின் விளிம்புக்கு வெளியே பிறை மாதிரி ஏதோ ஒன்று தெரிந்தது. வேறொரு நிலவு பின்னால் ஒளிந்திருக்கிறதா என்றும் பார்த்தார்கள். கிட்டத்தட்ட 300 கி.மீ. உயரத்துக்கு எழும்பிய எரிமலைப் பொழிவு அது. ஒரு கணிப்பு இவ்வளவு சீக்கிரம் பலித்ததை நான் வேறெங்கும் படித்ததில்லை.

ஆனால் உள்ளே எந்த அளவுக்கு உருகியிருக்கிறது என்பதில் அண்மையில் திருத்தம் வந்தது. அயோவின் தரை 100 மீட்டர் ஏறி இறங்குகிறது என்று படித்திருப்பீர்கள். அது மேலோட்டுக்குக் கீழே பாறைக்குழம்புக் கடல் ஒன்று முழுக்கப் பரவியிருந்தால் வரும் கணக்கு. ஜூனோ விண்கலம் 2023 டிசம்பரிலும் 2024 பிப்ரவரியிலும் 1,500 கி.மீ. உயரத்தில் பறந்து போனது. போகும்போது அதன் ரேடியோ அலையில் ஏற்பட்ட நுண்ணிய மாற்றத்தை வைத்து, அயோ எவ்வளவு வளைகிறது என்று அளந்தார்கள். அப்படிக் கடல் இருந்தால் எவ்வளவு வளைய வேண்டுமோ, அதைவிட மிகக் குறைவாகவே அது வளைகிறது. அதனால் 100 மீட்டரை நம்ப வேண்டாம், சில பத்து மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே பெரும்பாலும் கெட்டியான பாறைதான். அங்கங்கே உருகித் தேங்கும் குழம்பு வழி கிடைத்த இடத்தில் மேலே பீறிட்டு வருகிறது.