எம்.ஓ.யூ.வில் கையெழுத்துப் போட்டாச்சு, யார் எதற்குக் கட்டுப்பட்டவர்?

கேள்வி: ஊரப்பாக்கத்தில் கட்டவிருக்கும் 40 வீடுகள் கொண்ட அடுக்ககத்தில் 62 லட்சத்துக்கு ஒரு வீடு பேசி, 4 லட்சம் கொடுத்தோம். விற்பனை ஒப்பந்தம் போடாமல் 2 பக்கத்தில் ஒரு ‘புரிந்துணர்வு ஒப்பந்தம்’ கொடுத்திருக்கிறார்கள். அடுத்த மாதம் இன்னும் 4 லட்சம் கேட்கிறார்கள். இந்தத் தாள் செல்லுமா? நகலை இணைத்துள்ளேன்.
– வாசகி, தாம்பரம்

பதில்: மேலே போட்டிருக்கும் தலைப்பைப் பார்த்து எதையும் முடிவு செய்யாதீர்கள். ‘எம்.ஓ.யூ.’, அதாவது புரிந்துணர்வு ஒப்பந்தம், என்ற பெயரில் இருப்பதாலேயே ஒரு தாள் செல்லாமல் போகாது. கட்டுப்பட வேண்டும் என்ற எண்ணத்தோடு எழுதினார்களா, எழுதியது தெளிவாக இருக்கிறதா என்றுதான் நீதிமன்றம் பார்க்கும். ‘பின்னர் முறையான ஒப்பந்தம் எழுதிக்கொள்ளப்படும்’ என்ற வரியும் அப்படித்தான். முக்கியமான நிபந்தனைகள் எல்லாம் முடிவாகியிருந்தால், அந்த ஒரு வரியால் மட்டும் ஒப்பந்தம் இல்லாமல் போய்விடாது என்று உச்ச நீதிமன்றம் 1968-லேயே சொல்லிவிட்டது.

அதனால் வினைச்சொற்களைப் பாருங்கள். ஒரு பென்சிலை எடுத்து, ஒவ்வொரு பத்தியும் எப்படி முடிகிறது என்று அடிக்கோடிடுங்கள். ‘ஒப்புக்கொள்கிறார்’, ‘கடமைப்பட்டவர்’, ‘திருப்பித் தரப்படும்’ என்றெல்லாம் முடிந்தால் அது வாக்குறுதி. ‘உத்தேசித்துள்ளார்’, ‘இயன்றவரை முயல்வார்’, ‘பரிசீலிக்கப்படும்’ என்று முடிந்தால் பெரும்பாலும் வெறும் விருப்பம்தான்.

உங்கள் தாளில் 2-ஆம் பத்தி, ‘2027 டிசம்பருக்குள் வீட்டை ஒப்படைக்க நிறுவனம் உத்தேசித்துள்ளது’ என்கிறது. தேதி இருக்கிறதே என்று நிம்மதி அடைய வேண்டாம், அது உத்தேசம் மட்டுமே. 3-ஆம் பத்தியில் ‘பி பிளாக்கில் ஒரு வீடு, எண் பின்னர் ஒதுக்கப்படும்’ என்று இருக்கிறது. எந்த வீடு என்றே தெரியாவிட்டால் எதை விற்கச் சொல்லி உத்தரவிடுவது? அர்த்தம் நிச்சயமாக இல்லாத, நிச்சயப்படுத்தவும் முடியாத உடன்பாடு செல்லாது என்பது 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 29-ஆம் பிரிவு. கார் நிறுத்துமிடத்தைப் பற்றி ‘பேசி முடிவு செய்யப்படும்’ என்று எழுதியிருப்பதும் இதே கதைதான்.

இனி 7-ஆம் பத்திக்கு வாருங்கள். ‘5, 6 பத்திகள் தவிர இந்த ஆவணம் எவரையும் சட்டப்படி கட்டுப்படுத்தாது.’ தாளிலேயே முக்கியமான வரி இதுதான். 6-ஆம் பத்தி விலையை வெளியே சொல்லக் கூடாது என்பது, அதனால் பெரிய தொல்லை இல்லை. 5-ஆம் பத்தியை மட்டும் இரண்டு முறை படியுங்கள்: ‘வாங்குபவர் விலகினால் வீட்டின் மொத்த மதிப்பில் 10 விழுக்காடு பிடித்தம் செய்து, மீதி 60 நாட்களில் திருப்பித் தரப்படும்.’ கொடுத்த பணத்தில் 10 விழுக்காடு என்றால் 40,000 ரூபாயோடு போகும். மொத்த மதிப்பில் 10 விழுக்காடு என்றால் 6 லட்சத்து 20 ஆயிரம். நீங்கள் கொடுத்ததே 4 லட்சம், ஒரு ரூபாய்கூடத் திரும்பி வராது.

ஆக, இந்தத் தாளில் உள்ள கடமைகளைச் சுருக்கி எழுதினால் இவ்வளவுதான். அவர்கள் பக்கம்: வீடு தரும் கடமை இல்லை, தேதிக்குக் கட்டுப்பாடு இல்லை, விலை ஏறாது என்ற உறுதி இல்லை, அவர்கள் விலகினால் என்ன ஆகும் என்று ஒரு வரிகூட இல்லை. உங்கள் பக்கம்: விலகினால் பணம் போகும், விலையை வெளியே சொல்லக் கூடாது. எந்த எம்.ஓ.யூ.வையும் இப்படி யார், எதை, எப்போது, செய்யாவிட்டால் என்ன என்று எழுதிப் பாருங்கள். ஏதாவது ஒரு கட்டம் காலியாக இருந்தால் அந்த வாக்குறுதியில் ஓட்டை இருக்கிறது என்று அர்த்தம்.

பணம் போயே போய்விட்டது என்று பயப்படவும் வேண்டாம். ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆம் பிரிவு, எழுதிய தொகை எவ்வளவானாலும் அதற்கு மேற்படாத நியாயமான இழப்பீட்டைத்தான் அனுமதிக்கிறது. வீட்டை விற்கக் கட்டுப்படாத ஒருவர், நீங்கள் விலகியதால் தனக்கு 6 லட்சம் நஷ்டம் என்று சொல்வது கடினம். ஆனால் அதை நீங்கள் வழக்காடித்தான் நிலைநாட்ட வேண்டியிருக்கும்.

சரி, அடுத்த 4 லட்சம்? கொடுக்காதீர்கள். இவ்வளவு பெரிய திட்டம் ரெரா எனப்படும் 2016-ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்துக்குள் வந்துவிடும். அதன் 13-ஆம் பிரிவின்படி, விற்பனை ஒப்பந்தம் எழுதிப் பதிவு செய்வதற்கு முன் விலையில் 10 விழுக்காட்டுக்கு மேல் வாங்கக் கூடாது. உங்களுக்கு அந்த வரம்பு 6.2 லட்சம், அவர்கள் கேட்பதைக் கொடுத்தால் 8 லட்சம் ஆகிவிடும். எம்.ஓ.யூ. அந்த ஒப்பந்தத்துக்கு ஈடாகாது. திட்டத்தின் ரெரா பதிவு எண்ணைக் கேட்டு வாங்கி, தமிழ்நாடு ரெரா இணையதளத்தில் சரிபாருங்கள். அப்புறம், வீட்டு எண், ஒப்படைக்கும் தேதி, விலை மூன்றும் உள்ள விற்பனை ஒப்பந்தம் பதிவானால்தான் மீதி தருவேன் என்று மின்னஞ்சலில் எழுதுங்கள். போனில் சொல்லிவிட்டு விடாதீர்கள். அதே மின்னஞ்சலில், 5-ஆம் பத்தியில் ‘மொத்த மதிப்பில்’ என்பதை ‘செலுத்திய தொகையில்’ என்று மாற்றித் தரவும் கேளுங்கள்.