“புரிஞ்சுச்சா?” என்று கேட்டால் “புரிஞ்சுச்சு” என்றுதான் வரும்

கேள்வி: மேலூர் பக்கம் ஓர் அறக்கட்டளை கிளினிக்கில் மருந்து கொடுக்கிறேன். படிக்கத் தெரியாதவர்களுக்காகப் படம் போட்ட மருந்துச் சீட்டு அச்சடித்தோம். காட்டினால் எல்லோரும் “புரியுது” என்கிறார்கள். வீட்டில் போய் மாற்றிச் சாப்பிடுகிறார்கள். எங்கே தப்பு?

பதில்: கேட்ட விதத்தில். வெள்ளைக் கோட்டு போட்டவர் கேட்டால் யார் “புரியல” என்பார்கள்? எழுத்தை மறைத்துவிட்டுப் படத்தை மட்டும் காட்டுங்கள். “இது என்ன செய்யச் சொல்லுது?” என்று கேட்டு, அவர்கள் சொன்ன வார்த்தையை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். பிறகு நாலைந்து சட்டைப் பொத்தான்களைக் கையில் கொடுத்து, “காலைக்கு எத்தனை? ராத்திரிக்கு எத்தனை? எடுத்து வைங்க” என்று செய்யச் சொல்லுங்கள். வாய் மழுப்பும், கை மழுப்பாது.

நான் இப்படிச் சோதித்த ஒரு சீட்டில் காலைக்குப் பாதிச் சூரியன், இரவுக்கு நிலா. ஒரு பாட்டி பாதிச் சூரியனைப் பார்த்து, “பொழுது சாயுது” என்றார். உதிப்பதும் சாய்வதும் படத்தில் ஒன்றுதானே! வாசலில் கோலம் போடும் பெண்ணை வரைந்ததும் “விடிகாலை” என்றார். சாப்பாட்டுக்கு முன் என்பதற்கு முள்கரண்டியும் கத்தியும் போட்டிருந்தார்கள். அதை “ஓட்டல்” என்றார் இன்னொருவர். சோறு பரிமாறிய தட்டு போதும்.

பதில்களைச் சரி, தவறு, நேர் எதிர் என்று மூன்றாகப் பிரியுங்கள். எச்சரிக்கைப் படங்களுக்கான அமெரிக்கத் தரம் 85 சதவீதம் சரியாகவும், ஆபத்தான நேர் எதிர்ப் பதில் 5 சதவீதத்துக்கு மிகாமலும் இருக்கச் சொல்கிறது. 20 பேரிடம் கேட்டால் 17 பேராவது சரியாகச் சொல்ல வேண்டும். எதிராகச் சொன்னவர் ஒருவரே என்றாலும் நான் அந்தப் படத்தை மாற்றிவிடுவேன்.

“ரெடிமேட் படம் இருக்கு, சோதனையும் நாங்களே பண்ணித் தர்றோம்” என்று வரும் டிசைன் ஏஜென்ட்டை வாசலோடு அனுப்புங்கள். அவர் சோதிப்பது தன் ஆபீஸ் பையன்களிடம். அப்படி ஒருவர் எனக்குக் கொடுத்த அறிக்கையில் நூற்றுக்கு நூறு! அச்சுக்குப் பணம் ஒதுக்குகிறார்கள், சோதனைக்கு ஒரு ரூபாய் கிடையாது. டெண்டரில் அந்த வரியே இருக்காது.

பக்க அமைப்பில் ஒன்றே ஒன்று: படத்துக்குப் பக்கத்திலேயே அதன் வரி இருக்கட்டும். படங்களை எல்லாம் மேலே கும்பலாகப் போடாதீர்கள்.

படத்தை மட்டும் நம்பக் கூடாத மருந்து, முடக்குவாதத்துக்கு வாரம் ஒரு முறை கொடுக்கும் மெத்தோட்ரெக்சேட். தினம் சாப்பிட்டால் எலும்பு மஜ்ஜையைக் கெடுத்து உயிரையே வாங்கும். ஏழு கட்டம் போட்டு ஒன்றில் மட்டும் மாத்திரை வரைவார்கள். கட்டம் என்றால் கிழமை என்பது காலண்டர் பார்த்துப் பழகியவருக்குத்தான் தெரியும். நான்கு வாரத்துக்கு நான்கு கவர் போடுங்கள், ஒரு கவரில் ஒரு வாரத்து மாத்திரை மட்டும். “சந்தை அன்னைக்கு ஒரு கவர்” என்று அவர்கள் ஊர்ச் சந்தையைச் சொல்லுங்கள். “ஒரு கவர் சாப்பிட்டா, அடுத்த கவர் என்னைக்கு?” என்று கேளுங்கள். “மறுநாள்” என்று பதில் வந்தால் மருந்தை அவர் கையில் கொடுக்காதீர்கள், வீட்டில் ஒருவரை அழைத்துவரச் சொல்லுங்கள்.