மேலதிகாரி இல்லாத பக்கங்கள்

அன்புள்ள ஐயா,
மூன்று வாரமாகத் தினமும் இரவில் என் மனநிலைக்குப் பத்துக்கு ஓர் எண் போட்டு, இரண்டு மூன்று வார்த்தைகள் எழுதி வைக்கிறேன். எண் குறைந்த நாட்களில் எல்லாம் ‘மேலதிகாரி’ என்றே எழுதியிருக்கிறேன். வேலையை விட்டுவிடலாம் என்று தோன்றுகிறது. எண்ணைவிட நிறம்தான் நல்லது என்கிறாள் தோழி. எது சரி?
வாசகி, தண்டையார்பேட்டை

அன்புள்ள சகோதரிக்கு,

நிறமோ எண்ணோ, கைக்கு எது வருகிறதோ அது போதும். ஆனால் வேலையை விடுவதா? எண் குறைந்த பக்கங்களை மட்டும் புரட்டிவிட்டா அந்த முடிவுக்கு வந்தீர்கள்? நன்றாக இருந்த நாட்களில் மேலதிகாரி வாயே திறக்கவில்லையா? அதை எழுதியிருக்க மாட்டீர்கள். கோபம் வந்த நாளில்தான் அவர் பெயர் நோட்டில் ஏறுகிறது.

கொருக்குப்பேட்டையில் இருக்கும் என் அக்காவும் இப்படித்தான். ‘3, எரிச்சல், மாமியார்’ என்று பக்கம் பக்கமாக எழுதிவிட்டு, தனிக்குடித்தனம் போகவே துணிந்துவிட்டாள். நான் கடுமையாகத் திட்டினேன். எண் எதுவானாலும் தினமும் இரண்டு விஷயங்களை எழுதச் சொன்னேன்: அன்று சண்டை உண்டா, காலையில் எத்தனை மணிக்கு எழுந்தாள்.

நான்கு ஞாயிறு கழித்து இருவரும் உட்கார்ந்து பார்த்தோம். சண்டை நடந்த நாட்கள் பதினொன்று. அவற்றில் ஆறு நாள் எண் 6க்குக் கீழே இறங்கவில்லை. மீதி ஐந்து நாளும் தண்ணீர் லாரிக்காக அவள் விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்த நாட்கள். சண்டையே இல்லாமல் லாரிக்கு எழுந்த மூன்று நாட்களிலும் எண் 4தான். அந்த மூன்று நாட்கள்தான் எனக்கு உண்மையைச் சொன்னவை. மாமியாரைக் குற்றம் சொல்ல அங்கே வழியே இல்லை.

அப்போதும் அதைத் தீர்ப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. நான்கு வாரத்தில் தற்செயலாகவும் அப்படி அமையலாம். அதனால் மாமாவைக் குடம் தூக்கச் சொல்லிப் பார்த்தோம். அக்கா தூங்கினாள், எண் ஏறியது. சண்டை மட்டும் முன்போலவே நடந்தது.

எனவே நோட்டை மறுபடி எடுங்கள். மேலதிகாரி திட்டியும் எண் இறங்காத நாள், அவர் விடுப்பில் இருந்தும் எண் இறங்கிய நாள், இந்த இரண்டையும் தேடுங்கள். தூக்கத்தையும் சாப்பாட்டையும் இன்று முதல் சேர்த்து எழுதுங்கள். இரவில் மட்டும் எழுதினால் கடைசி ஒரு மணி நேரத்தின் அலுப்பு முழு நாளின் மேலும் படிந்துவிடும். மதியம் சாப்பிட்ட பிறகும் ஓர் எண் போட்டு வையுங்கள்.

இரண்டு வாரத்துக்கு மேல் பெரும்பாலான நாட்கள் எண் அடியிலேயே கிடந்து, பிடித்தது எதிலும் மனம் ஒட்டவில்லை என்றால், காரணம் தேடிக்கொண்டிருக்காமல் மருத்துவரைப் பாருங்கள். அரசின் மனநல உதவி எண்ணான 14416க்கு அழைத்தால் தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது. மற்றபடி, அந்த இரண்டு வகை நாட்களையும் எண்ணிப் பார்க்கும்வரை ராஜினாமாக் கடிதம் எழுதாதீர்கள்.