கை நடுக்கத்துக்கு மாத்திரையா, மாத்திரையால் கை நடுக்கமா?

"அம்மாவுக்கு 76 வயது. பி.பி., சுகர் இருக்கிறது. மூன்று டாக்டர்கள் எழுதிக் கொடுத்ததில் இப்போது தினமும் பதினொரு மாத்திரை. ஆறு மாதமாகக் கை நடுங்குகிறது, நடையும் தளர்ந்துவிட்டது. நரம்பு டாக்டரிடம் போனால் பன்னிரண்டாவது மாத்திரை வந்துவிடுமோ என்று பயம். எதையாவது நிறுத்தலாமா? மருந்துப் பட்டியலும் ஒவ்வொன்றும் தொடங்கிய மாதமும் எழுதியிருக்கிறேன்."

நிறுத்த வாய்ப்பிருக்கிறது. நீங்களாக நிறுத்தாமல், இந்தப் பட்டியலை மருந்து எழுதிய டாக்டரிடம் கொண்டுபோய்ப் பேசுங்கள். மருந்தின் பெயரைவிட நீங்கள் பக்கத்தில் குறித்த மாதங்கள்தான் எனக்கு அதிகம் சொல்கின்றன.

போன மார்ச்சில் பி.பி. மாத்திரையான அம்லோடிபின் 5 மில்லிகிராம் 10 ஆகிறது. ஜூனில் கால் வீக்கம், அதற்கு ஃபுரோசிமைடு என்ற நீர் மாத்திரை. செப்டம்பரில் எழுந்தால் தலைசுற்றல், அதற்கு சின்னாரிசின். ஜனவரியில் கை நடுக்கம். ஒரு மாத்திரையின் பக்கவிளைவைப் புது நோயென்று நினைத்து அடுத்த மாத்திரை எழுதப்பட்டிருக்கலாம். மூன்று டாக்டர்களும் தவறு செய்தார்கள் என்று சொல்லமாட்டேன். மூன்று சீட்டையும் சேர்த்து வைத்து யாரும் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

அம்லோடிபின் நுண்ணிய ரத்தக்குழாய்களை விரிப்பதால் நீர் கணுக்காலில் கசிந்து தேங்குகிறது. டோஸ் கூடினால் வீக்கமும் கூடும். உடம்பில் உப்பும் நீரும் சேர்ந்து வரும் வீக்கம் இதுவல்ல என்பதால் நீர் மாத்திரை இதற்குப் பெரிதாக உதவாது. ஆனால் நீரைச் சிறுநீராகப் பிரித்தெடுத்து உடம்பை வறளவைக்கும், எழுந்து நிற்கும்போது பி.பி. இறங்கும். அந்தத் தலைசுற்றலுக்குத்தான் சின்னாரிசின் வந்திருக்கிறது. காதுக்கோளாறால் வரும் சுற்றலுக்கு அது கொஞ்ச நாள் உதவும். மாதக்கணக்கில் கொடுத்தால், குறிப்பாக வயதானவர்களுக்கு, மூளையில் உடல் அசைவைச் சீராக்கும் டோபமைன் என்ற ரசாயனத்தின் வேலையைத் தடுத்து, பார்க்கின்சன் நோய் மாதிரியே நடுக்கத்தையும் விறைப்பையும் கொண்டுவரும்.

இது ஊகம்தானா என்று வீட்டிலேயே ஓரளவு சோதிக்கலாம். அம்மாவை ஐந்து நிமிடம் படுக்கவைத்து பி.பி. பாருங்கள். எழுப்பி நிற்கவைத்து, ஒரு நிமிடத்திலும் மூன்று நிமிடத்திலும் மறுபடி பாருங்கள். பக்கத்தில் ஒருவர் பிடித்துக்கொள்ளட்டும். மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 இறங்கினால், சுற்றலுக்குக் காரணம் காதைவிட பி.பி.யாக இருக்கவே வாய்ப்பு அதிகம். அந்த எண்களை எழுதிக்கொண்டு போங்கள்.

டாக்டர் ஒப்புக்கொண்டால் நான் சொல்லும் வரிசை இது. முதலில் சின்னாரிசினை மட்டும் நிறுத்துவது. அடுத்து, இரண்டு மூன்று வாரம் கழித்து அம்லோடிபின் பழைய 5-க்கு. அது உடம்பைவிட்டு மெதுவாக வெளியேறும் மருந்து, வீக்கம் வடிய ஒன்றிரண்டு வாரமாகலாம். பி.பி. ஏறினால் டாக்டர் டெல்மிசார்டன் போன்ற வேறு வகையைச் சேர்ப்பார், அப்போது ரத்தத்தில் கிரியாட்டினினும் பொட்டாசியமும் பார்க்க வேண்டும். அப்புறம்தான் ஃபுரோசிமைடை நிறுத்துவது. அதற்குமுன் ஒரு கேள்வி: இதயம் அல்லது சிறுநீரகக் கோளாறுக்காக அதை எழுதினார்களா? அப்படியென்றால் அது தொடரட்டும். இல்லையென்றால் நிறுத்திய பின் தினமும் காலையில் எடை பாருங்கள். மூன்று நாளில் 2 கிலோ ஏறினாலோ, படுத்தால் மூச்சு வாங்கினாலோ உடனே டாக்டரிடம் போங்கள்.

ஒன்றைக் குறைத்துவிட்டு, என்ன ஆகிறதென்று பார்க்காமல் அடுத்ததைத் தொடாதீர்கள். ஒரே நாளில் நாலைந்தைத் தூக்கிப்போட்டால் எது நல்லது செய்தது, எது கெடுத்தது என்று யாருக்கும் தெரியாது.

பட்டியலில் இருக்கும் மெட்டோபுரோலால் என்ற பி.பி., இதய மாத்திரையைத் திடீரென நிறுத்தவே கூடாது, மாரடைப்புவரை போகலாம். பான்டோபிரசோலைப் பற்றிப் பேசலாம். ஆனால் கூடவே ஆஸ்பிரின் இருப்பதால் வயிற்றைக் காக்கத்தான் கொடுத்திருப்பார்கள் என்று நினைக்கிறேன். ஆஸ்பிரின் ஏன் என்று முதலில் கேளுங்கள்.

ஒன்று விட்டுப்போகாமல் எடுத்துப் போங்கள்: மூட்டு வலிக்கு மெடிக்கல் ஷாப்பில் வாங்கும் மாத்திரையும்தான். அட்டையின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கும் மருந்துப் பெயரைப் படியுங்கள். இரண்டு பிராண்டு பெயர்களில் ஒரே மருந்து இருப்பதைப் பல பைகளில் பார்த்திருக்கிறேன்.

நடுக்கம் ஒரே வாரத்தில் போகாது, சில வாரங்கள் முதல் சில மாதங்கள் ஆகலாம். மாதம் ஒருமுறை ஒரே நோட்டில் அம்மாவைக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். எழுத்து சிறுத்துக்கொண்டே போகிறதா, பழையபடி விரிகிறதா என்று கண்ணுக்கே தெரியும். ஆறு மாதமாகியும் மாற்றமில்லையென்றால் உண்மையான பார்க்கின்சனாக இருக்கலாம். அப்போது அந்த நோட்டையே எடுத்துக்கொண்டு நரம்பு டாக்டரிடம் போங்கள்.