திருத்த அவகாசத்தில் சான்றிதழ் மாறினால்: வாசகர் கேள்விகள்

தேர்வு வாரிய விண்ணப்பத்தில் என் சாதிச் சான்றிதழுக்குப் பதிலாகத் தம்பியுடையதை ஏற்றிவிட்டேன். திருத்த அவகாசம் இன்னும் இரண்டு நாள் இருக்கிறது. கடிதம் அனுப்பினால் போதுமா? (வாசகி, மன்னார்குடி)

போதாதும்மா. முதலில் உள்நுழைந்து தம்பியின் கோப்பை நீக்கி, உங்களுடையதை ஏற்றுங்கள். பலர் 'சேமி' அழுத்தியதோடு எழுந்துவிடுகிறார்கள். இறுதிச் சமர்ப்பிப்பையும் மறுபடி கொடுத்தால்தான் பெரும்பாலும் திருத்தம் பதிவாகும். அப்புறம் விண்ணப்பத்தைப் புதிதாகப் பதிவிறக்கி, ஏறியிருக்கும் சான்றிதழில் உங்கள் பெயர்தான் இருக்கிறதா என்று திறந்து பாருங்கள்.

கடிதம் அதற்குப் பிறகுதான். பொருள் வரியில் விண்ணப்ப எண்ணும் பதவியின் பெயரும் வரட்டும். உள்ளே இவ்வளவு போதும்:

"சாதிச் சான்றிதழ் பகுதியில் என் தம்பியின் சான்றிதழைத் தவறுதலாகப் பதிவேற்றிவிட்டேன். என் சான்றிதழின் எண் …, வழங்கப்பட்ட தேதி …. விண்ணப்பத்தில் நான் குறிப்பிட்ட வகுப்புப் பிரிவில் மாற்றம் இல்லை. திருத்த அவகாசத்துக்குள், … தேதியில், சரியான சான்றிதழைப் பதிவேற்றியுள்ளேன். இதை ஏற்குமாறு வேண்டுகிறேன்."

இதில் கனமானவை இரண்டு. பிரிவு மாறவில்லை என்ற வரி, நீங்கள் புதிதாகச் சலுகை கேட்கவில்லை என்று காட்டுகிறது. வழங்கப்பட்ட தேதி விண்ணப்பித்த நாளுக்கு முந்தையது என்றால், சான்றிதழ் அப்போதே கையில் இருந்தது, மாறியது கோப்பு மட்டுமே என்பது தெளிவாகிவிடும். இ-சேவை மையத்தில் யார் ஏற்றினார், வீட்டில் என்ன கஷ்டம் என்பதெல்லாம் வேண்டாம். படிப்பவர் தேடுவது எண்ணையும் தேதியையும்தான். பழைய, புதிய விண்ணப்ப நகல் இரண்டையும் இணையுங்கள்.

கணவர் பெயரில் வாங்கிய சாதிச் சான்றிதழை ஏற்றியிருக்கிறேன். தப்பா? (வாசகி, கும்பகோணம்)

தப்புதான். சாதி பிறப்பால் வருவது என்பதால் தந்தை பெயரில் உள்ள சான்றிதழைத்தான் கேட்பார்கள். தந்தை பெயரில் ஏற்கெனவே இருந்தால் மேலே சொன்னபடி மாற்றலாம். இனிமேல்தான் வாங்க வேண்டும் என்றால் கடிதத்தால் சரியாகாது. இன்றே இ-சேவையில் விண்ணப்பியுங்கள். கூடவே, எந்தத் தேதி வரை பெற்ற சான்றிதழை ஏற்பார்கள் என்று அறிவிக்கையில் பாருங்கள். புதுச் சான்றிதழின் தேதி அதைத் தாண்டினால் கடிதத்தில் மறைக்காமல் எழுதுங்கள். முடிவு வாரியத்துடையது.

பட்டப்படிப்புக்கான தமிழ்வழிச் சான்றிதழ் இடத்தில் பத்தாம் வகுப்புக்கானது ஏறிவிட்டது. (வாசகர், திருவாரூர்)

மாற்றுங்கள், ஆனால் பத்தாம் வகுப்புச் சான்றிதழைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். 2020 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு, 20 சதவீத தமிழ்வழி ஒதுக்கீட்டுக்குப் பள்ளியிலிருந்து பட்டம் வரை எல்லாமே தமிழில் படித்திருக்க வேண்டும். பத்தாம் வகுப்புச் சான்றிதழ் அதற்குரிய இடத்தில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, இரண்டையும் கடிதத்தில் குறிப்பிடுங்கள்.

அவகாசம் நேற்றே முடிந்துவிட்டது. (வாசகர், நாகப்பட்டினம்)

மின்னஞ்சலிலும் ஸ்பீடு போஸ்ட்டிலும் இன்றே கடிதம் அனுப்பி, ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். அவகாசத்துக்குப் பின் ஆவணம் ஏற்கப்படாது என்று அறிவிக்கையில் இருந்தால் நிராகரிக்கலாம். சான்றிதழ் சரிபார்ப்புக்கு அழைப்பு வந்தால் அசலோடு கடித நகலையும் ரசீதையும் எடுத்துப் போங்கள்.