கண்ணாடிக்கு 4 டிகிரி, வைரத்துக்கு 16 டிகிரி

அன்புள்ள ஐயா,

வைரம் ஏன் மின்னுகிறது என்று கேட்டால் எல்லோரும் ‘ஒளிவிலகல் எண் அதிகம், மாறுநிலைக் கோணம் குறைவு, அதனால் முழு அக எதிரொளிப்பு நடக்கிறது’ என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறார்கள். பள்ளியில் நானும் அதைத்தான் எழுதி மதிப்பெண் வாங்கினேன். ஆனால் கண்ணாடியிலும் முழு அக எதிரொளிப்பு நடக்கத்தானே செய்கிறது? பைனாகுலருக்குள் இருக்கும் முப்பட்டகங்கள் கண்ணாடிதானே? கண்ணாடியின் மாறுநிலைக் கோணம் 41 டிகிரி என்றால், அடிப்பட்டைகளை 45 டிகிரியில் வெட்டினால் அதுவும் வைரம் மாதிரி மின்ன வேண்டாமா? இன்னொன்று. அம்மாவின் வைரத்தோடு முன்பு போல மின்னுவதில்லை. வைரம் தேயுமா?

மீனா, திருச்சி

அன்புள்ள மீனா,

45 டிகிரியில் வெட்டிய கண்ணாடி மின்னும். எப்போது என்றால், வெளிச்சம் நேர் மேலிருந்து மட்டும் வந்தால். நாம் அப்படிப்பட்ட உலகத்தில் இல்லை என்பதுதான் சிக்கல். விளக்கு ஒரு மூலையில், ஜன்னல் ஒரு பக்கம், தோடு போட்டவரோ தலையை ஆட்டிப் பேசிக்கொண்டிருக்கிறார். எனவே ‘முழு அக எதிரொளிப்பு நடக்கிறதா’ என்ற கேள்வி போதாது. ஒளி எவ்வளவு சாய்ந்து வந்தாலும் அது நடக்கிறதா என்று கேட்க வேண்டும். பாடப்புத்தகம் இந்த இடத்துக்கு வருவதற்குள் அத்தியாயத்தை முடித்துவிடுகிறது.

கணக்கைப் போட்டே பார்த்துவிடலாம். வைரத்தின் ஒளிவிலகல் எண் 2.417. மாறுநிலைக் கோணம் 24.4 டிகிரி. சாதாரணக் கண்ணாடிக்கு 1.52, மாறுநிலைக் கோணம் 41.1 டிகிரி. கல்லுக்குள் இருக்கும் கதிர், பட்டையின் செங்குத்துக் கோட்டோடு இதைவிடப் பெரிய கோணத்தில் மோதினால் முழுவதும் திரும்பும். சிறிய கோணத்தில் மோதினால் அதில் பெரும்பகுதி வெளியே கசிந்துவிடும்.

இன்று கடைகளில் அதிகம் விற்கும் வட்ட வடிவக் கல்லைக் குறுக்கே வெட்டியதாக நினைத்துக்கொள்ளுங்கள். மேலே தட்டையான முகம். அதைச் சுற்றிச் சரிவான மேல்பட்டைகள். கீழே V போலக் கூம்பி இறங்கும் அடிப்பட்டைகள். ஆண்ட்வெர்ப்பில் வைரம் தீட்டும் குடும்பத்தில் வந்த மார்செல் டோல்கோவ்ஸ்கி 1919-இல் இந்தச் சரிவுகளுக்கு ஒரு கணக்கை வெளியிட்டார். அடிப்பட்டைக்கு 40.75 டிகிரி, மேல்பட்டைக்கு 34.5 டிகிரி. பின்னால் வந்தவர்கள் அதை அங்கே இங்கே திருத்தியிருக்கிறார்கள். ஆனால் பேச்சு இன்றும் அந்த எண்களில்தான் தொடங்குகிறது.

மேல்முகத்தில் நேர் செங்குத்தாக ஒரு கதிர் நுழைகிறது. வளையாமல் கீழே போய் இடது அடிப்பட்டையில் 40.75 டிகிரியில் மோதுகிறது. எல்லை 24.4 என்பதால் முழுவதும் திரும்பி, ஏறக்குறையக் கிடைமட்டமாக வலப்பக்கம் ஓடி, எதிர்ப்பட்டையில் 57.75 டிகிரியில் மோதுகிறது. அங்கேயும் முழு எதிரொளிப்பு. பிறகு மேல்நோக்கி, செங்குத்திலிருந்து 17 டிகிரி சாய்ந்து வருகிறது. இப்போது அது வெளியேற வேண்டும். 17 என்பது 24.4-க்குள் இருப்பதால் மேல்முகம் அதை விட்டுவிடும். அதாவது அதே மாறுநிலைக் கோணம் கீழே கதவை மூட வேண்டும், மேலே திறக்க வேண்டும். கல் வெட்டுபவரின் வேலையே இந்த இரண்டையும் ஒரே கல்லில் சரிசெய்வதுதான்.

சரி, கதிர் சாய்ந்து வந்தால்? எதிர்ப்பக்கமிருந்து சாய்ந்து நுழையும் கதிர் இடது பட்டையில் 40.75-ஐ விடக் குறைவான கோணத்தில் மோதும். 24.4 வரை குறையலாம். ஆக, கல்லுக்குள் 16 டிகிரிக்குச் சற்று மேல் சாயலாம். ஆனால் கதிர் நுழையும்போதே வைரம் அதைப் பலமாக வளைத்துவிடுகிறது. வெளியே பெரிதாக இருந்த சாய்வு உள்ளே சுருங்கிவிடும். உள்ளே 16 என்றால் வெளியே கிட்டத்தட்ட 43 டிகிரி. மறுதிசையில் எவ்வளவு சாய்ந்து வந்தாலும், இந்தக் குறுக்குவெட்டுக் கணக்கில், இரண்டு பட்டைகளும் அதைக் கசிய விடுவதே இல்லை.

இப்போது உங்கள் 45 டிகிரிக் கண்ணாடி. நேர்க்கதிர் இரண்டு பட்டைகளிலும் 45-இல் மோதுகிறது. எல்லை 41.1. மிச்சம் 4 டிகிரிகூட இல்லை. கண்ணாடி ஒளியைக் குறைவாக வளைப்பதால், உள்ளே இருக்கும் அந்த 4 வெளியே வெறும் 6 டிகிரி. ஒரு பக்கம் 6 டிகிரிக்கு மேல் சாய்ந்தால் முதல் பட்டையில் கசியும். மறுபக்கம் சாய்ந்தால் இரண்டாவது பட்டையில் கசியும். பட்டையின் சரிவை மாற்றித் தப்பிக்கவும் வழியில்லை. ஒரு பட்டைக்குக் கூடுதலாகக் கொடுக்கும் கோணம் எதிர்ப்பட்டையில் குறைந்துவிடும். வைரத்துக்கான அளவிலேயே, அதாவது 40.75-இல், கண்ணாடியை வெட்டினால் நேர்க்கதிரே எல்லைக்குக் கீழே விழுந்து, முதல் மோதலிலேயே பாதி ஒளி போய்விடும். பைனாகுலரில் இந்தத் தொல்லை இல்லை, ஏனென்றால் அங்கே ஒளி ஒரு குறுகிய கற்றையாக, ஒரே திசையில்தான் வருகிறது. அந்த வேலைக்கு 4 டிகிரி தாராளம்.

கண்ணாடிக் கற்களின் பின்னால் வெள்ளி நிறப் பூச்சு இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். கசியும் ஒளியைத் திருப்பி அனுப்பத்தான் அது. பூச்சு உரிந்த கல் உடனே செத்த கண் மாதிரி ஆகிவிடும். பூச்சில்லாத தனிக் கல் கையில் கிடைத்தால் செய்தித்தாளின் எழுத்து மேல் கவிழ்த்து வைத்துப் பாருங்கள். கண்ணாடி என்றால் எழுத்து தெரியும். நன்றாக வெட்டிய வைரத்தில் தெரியாது. ஆனால் இதை நம்பி வைரம் வாங்கிவிடாதீர்கள். மோய்சனைட் என்ற கல்லின் ஒளிவிலகல் எண் 2.65, வைரத்தையும் தாண்டியது, இந்தச் சோதனையில் சுலபமாகத் தேறிவிடும்.

கணக்கு வைரத்துக்கு இவ்வளவு சாதகமாக இருந்தும், வெட்டு சரியில்லை என்றால் வைரமும் மங்கல்தான். 1851-இல் லண்டனில் நடந்த பெருங்கண்காட்சியில் கோஹினூரைப் பார்க்க வந்த கூட்டம் ஏமாந்து போனது. சுற்றிலும் எரிவாயு விளக்குகளை ஏற்றி வைத்தும் அது எதிர்பார்த்தபடி ஜொலிக்கவில்லை. அது முகலாயர் காலத்து வெட்டு. எடையை இழக்காமல், மேலே பல சிறு பட்டைகளும் அடியில் அகலமான தட்டை முகமும் வைத்திருந்தார்கள். மேலிருந்து இறங்கும் ஒளி அந்தத் தட்டை அடியில் அதிகம் சாயாமல் மோதும். 24 டிகிரிக்குள் மோதியதெல்லாம் அப்படியே கீழே இறங்கிப் போகும், ஜன்னல் மாதிரி. விக்டோரியா ராணியின் கணவர் ஆல்பர்ட் இளவரசர் ஆம்ஸ்டர்டாமிலிருந்து ஆட்களை வரவழைத்து 1852-இல் மறுபடி வெட்டச் செய்தார். பழைய எடைக் கணக்கில் 186 கேரட் இருந்த கல், இன்றைய கணக்கில் 105.6 கேரட் ஆனது. இரண்டு காலத்து கேரட்டுக்கும் சிறு வித்தியாசம் உண்டு. ஆனாலும் நாற்பது சதவீதத்துக்கு மேல் பொடியாகப் போயிற்று என்பதில் சந்தேகமில்லை. பழைய வெட்டைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்த வெட்டு எடையைக் காப்பாற்றியது, லண்டன்காரர்கள் கேட்டதோ மினுக்கம்.

இன்றைய கடைகளிலும் இந்த எடைப் பேராசை உண்டு. அடியை ஆழமாக விட்டால் கல் கனக்கும், விலை ஏறும். ஆனால் அடிப்பட்டை 43 டிகிரியைத் தாண்டினால் கல்லின் நடுவே கருப்பாக ஒரு வட்டம் தெரியத் தொடங்கும். 45-இல் நேர்க்கதிர் இரண்டு பட்டைகளிலும் மோதி, வந்த வழியே திரும்பிவிடும். நீங்கள் குனிந்து பார்க்கும்போது உங்கள் தலைதான் அந்த வழியை மறைக்கிறது. கல் உங்கள் தலையின் இருட்டையே காட்டுகிறது. ஆழத்தை மிகவும் குறைத்து வெட்டினால் வேறு கோளாறு: கல்லின் விளிம்பே உள்ளே பிரதிபலித்து, மேல்முகத்துக்குள் சாம்பல் நிற வளையமாகத் தெரியும். மீன்கண் என்பார்கள்.

வண்ணப்பொறிகளைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் அந்தக் கதிரைப் பாதியில் விட மனமில்லை. 17 டிகிரி சாய்ந்து மேலே வந்தது, மேல்முகத்துக்குப் பதிலாகச் சரிவான மேல்பட்டை வழியே வெளியேறுகிறது என்று வையுங்கள். வைரத்தில் சிவப்புக்கு ஒளிவிலகல் எண் 2.407, ஊதாவுக்கு 2.451. வெளியேறும்போது இரண்டும் ஒரு டிகிரிக்குச் சற்று மேல் பிரிந்துவிடும். ஒரு மீட்டர் தள்ளி நிற்பவரிடம் வரும்போது அது சுமார் 2 செ.மீ. அகல வண்ணப்பட்டை. கண்மணியின் துளை சில மில்லிமீட்டர்தான். எனவே ஒரு நேரத்தில் ஒரு நிறம் மட்டும் கண்ணுக்குள் போகிறது. தோடு கொஞ்சம் அசைந்ததும் அடுத்த நிறம். பெரிய ட்யூப்லைட் வெளிச்சத்தில் இந்த வண்ணப்பட்டைகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து வெள்ளையாகிவிடும். சிறு சிறு பல்புகள் இருக்கும் இடத்தில்தான் நிறம் தனித்துத் தெரியும். நகைக்கடைக்காரர்கள் இதை நம்மைவிட நன்றாக அறிவார்கள், கூரையைப் பார்த்தாலே தெரியும்.

அப்புறம் அம்மாவின் தோடு. வைரம் காதில் போட்டுத் தேயாது. தேங்காய் எண்ணெய்தான் காரணமாக இருக்க வேண்டும். மேலே சொன்ன 24.4 டிகிரி, வைரத்துக்கு வெளியே காற்று இருந்தால் மட்டுமே பொருந்தும். அடிப்பட்டையின் பின்னால் எண்ணெய் படிந்தால், எண்ணெயின் ஒளிவிலகல் எண் 1.45-ஐ வைத்துக் கணக்குப் போட வேண்டும். மாறுநிலைக் கோணம் 37-க்கு ஏறிவிடும். 16 டிகிரி மிச்சம் இருந்த இடத்தில் இப்போது 4 டிகிரிதான். வெளியே 43 வரை தாங்கிய கல் இப்போது 9 அல்லது 10 டிகிரிக்கே கசிகிறது. கண்ணாடியின் 6-க்குப் பக்கத்தில் வந்துவிட்டது பாருங்கள். போதாததற்கு, வைரத்தின் மேற்பரப்பில் தண்ணீர் ஒட்டாது, எண்ணெய்ப் பசை நன்றாக ஒட்டும். சுரங்கங்களில் சரளைக் கற்களுக்கிடையே வைரத்தைப் பிரிக்கக் கிரீஸ் பூசிய பலகை மேல் தண்ணீரோடு ஓடவிட்டதே இந்தக் குணத்தை நம்பித்தான்.

கல்லைப் பதித்திருக்கும் கட்டடம் பின்பக்கம் திறந்ததாக இருந்தால், வெதுவெதுப்பான நீரில் பாத்திரம் கழுவும் திரவம் சில துளி விட்டுச் சிறிது நேரம் ஊறவைத்து, மென்மையான பிரஷ்ஷால் கல்லின் அடிப்பக்கத்தைத் தேயுங்கள். மேல்முகத்தை மட்டும் துணியால் துடைத்துவிட்டு வித்தியாசமில்லை என்று சொல்லக் கூடாது, கசிவு கீழேதான். மூடிய கட்டடம் என்றால் நீரில் போடாதீர்கள், அழுக்குத் தண்ணீர் உள்ளே போய்த் தங்கிவிடும். கல்லைக் கழற்றிச் சுத்தம் செய்து திரும்பக் கட்டத் தெரிந்த ஆசாரியிடம் கொடுங்கள், கழற்றும் முன் ஒரு புகைப்படம் எடுத்துக்கொண்டு.