முதல் காது கேட்கும் கருவி: விலைக்கு முன் பார்க்க வேண்டியது

கேள்வி: அப்பாவுக்கு முதன்முதலாக ஹியரிங் எயிட் வாங்கப் போகிறோம். விலை கூடிய மாடலைத்தான் எடுக்கச் சொல்கிறார்கள். நம்பலாமா?

விலையைவிட, கருவி அவர் காதுக்கேற்பச் சரிபார்க்கப்பட்டதா என்பதே முக்கியம். எந்தெந்த ஒலி எவ்வளவு கேட்கிறது என்று காட்டும் செவிச் சோதனை வரைபடமான ஆடியோகிராமைக் கொண்டு கணினி போடும் தொடக்க அமைப்பு, சராசரிக் காதுக்கான மதிப்பீடு மட்டுமே. செவிக்குழாயின் அளவு ஆளுக்கு ஆள் மாறுவதால், செவிப்பறைக்கருகே மெல்லிய குழாய் வைத்து, கருவி உண்மையில் தரும் ஒலியை அளக்கும் 'ரியல் இயர்' சோதனை செய்வார்களா என்று முதலில் கேளுங்கள்.

என் தந்தைக்கு முதல் நாளில் பேச்சு சத்தமாகக் கேட்டது, ஆனால் 'ச', 'த' போன்ற ஒலிகள் பிடிபடவில்லை. அளந்தபோது உயர் அதிர்வெண்களில் ஒலி அவருக்குத் தேவையான அளவைவிடக் குறைவாக இருந்தது. அதைக் கூட்டியபின் பேச்சு தெளிந்தது. தன் குரலே பானைக்குள்ளிருந்து வருவதாக அவர் சொன்னதற்குக் காரணம் காதை அடைத்த ரப்பர் முனை. துளையுள்ள முனை மாட்டியதும் அது குறைந்தது.

இத்தகைய குறைகள் கடையின் அமைதியில் தெரியாது. சமையலறையிலும் கல்யாண வீட்டிலும்தான் தெரியும். ஆகவே சோதனைக் காலம் எத்தனை நாள், திருப்பிக் கொடுத்தால் பணமா வேறு மாடலா, எவ்வளவு பிடித்தம் என்பதை எழுத்தில் வாங்குங்கள். வாரண்டியில் ஈரமும் காதழுக்கும் அடங்குமா, தொலைந்தால் என்ன என்பதையும் கேளுங்கள்.

'இரைச்சலை முழுவதும் நீக்கும்' என்பதை நம்ப வேண்டாம். எந்தக் கருவியாலும் இரைச்சலைக் குறைக்கத்தான் முடியும். ஒரு காது மட்டும் திடீரென மந்தமாகியிருந்தால், கடைக்குப் போகாமல் உடனே காது மருத்துவரிடம் செல்லுங்கள்.